சேர்த்து வைத்த முகங்கள்: கணினிக்கு முந்தைய ஜோடிப் படங்கள் குறித்து

வெளிமாநிலத்தில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில், தில்லி ஆனாலும் சரி, மாட்டுங்கா ஆனாலும் சரி, கொல்கத்தா ஆனாலும் சரி, கூடத்துச் சுவரிலோ பூஜை அறை வாசலுக்கு மேலேயோ தாத்தாவும் பாட்டியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கும். சந்தன மாலையோ, பிளாஸ்டிக் மாலையோ, பக்கத்திலே சின்ன விளக்கோ அதன் மேல் இருக்கும். இந்தப் படங்களில் கணிசமானவை ஒருபோதும் எடுக்கப்படாதவை. அதாவது, அந்த இருவரும் அப்படி ஒரு காமிரா முன்னால் சேர்ந்து நின்றதே கிடையாது.

காரணம் எளியது. தாத்தா வடக்கே உத்தியோகத்தில் இருந்தார். பாட்டி ஊரில் நிலத்தையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ஆபீஸ் அடையாள அட்டைக்காக எடுத்த ஸ்டாம்ப் அளவுப் படம். இவருக்கு இருந்தது யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு முகம். இரண்டாமவரும் காலமானதும், காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊர் ஸ்டூடியோவுக்குப் போய், "ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்த்துக் குடுங்க" என்றார்கள். கொடுத்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினி வந்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் வரை, கத்தி, பசை, பென்சில், தூரிகை, இன்னொரு முறை படம் எடுக்க ஒரு காமிரா ஆகியவற்றைக் கொண்டுதான் இதைச் செய்தார்கள்.

இவற்றைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "அதெல்லாம் ஒட்டுப் படம், உண்மை இல்லே" என்பது ஒன்று. "அந்தக் காலத்திலேயே என்ன கைவேலை பாத்தீங்களா!" என்பது மற்றொன்று. இரண்டுமே படத்தைப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. எந்த இடம் காமிரா எடுத்தது, எந்த இடம் கை செய்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒரு ஜோடிப் படத்தை மதிப்பிட முடியும். அதற்கு வேலை நடந்த முறை தெரிய வேண்டும். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எடுத்துக்கொண்ட படம்

படம் ஒரு நண்பர் குடும்பத்தினுடையது. கணவர் 1958-ல், முப்பத்தி நாலு வயதில் இறந்தவர். மனைவி 1991 வரை இருந்தார். 1991-ல் பிள்ளைகள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் இந்தப் படத்தைச் செய்து வாங்கினார்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலப் படம், பார்க்கிறவருக்கு இடது பக்கம் கணவர், வலது பக்கம் மனைவி, மார்பளவு. நல்ல வேளையாக மூலப் படங்கள் இரண்டும் தொலையவில்லை. கணவருடையது அடையாள அட்டையிலிருந்து உரித்தெடுத்த படம், கோட்டு அணிந்திருக்கிறார், கீழ் மூலையில் ஆபீஸ் முத்திரையின் ஊதா மை பாதி வட்டமாக விழுந்திருக்கிறது. மனைவியுடையது 1974-ல் மகள் கல்யாணத்தில் முப்பது பேர் நிற்கிற குரூப் போட்டோ. கைம்பெண் என்பதால் ஓரமாக நிற்கிறார். முன்வரிசைக்காரர் தோள் அவரைக் கழுத்துக்குக் கீழே மறைக்கிறது. நெற்றியில் பொட்டு இல்லை.

ஆகவே ஸ்டூடியோக்காரர் கையில் இருந்தது இதுதான்: முப்பத்தி நாலு வயது ஆண் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவருடைய தலை மட்டும்.

முதல் வேலை: அளவும் வெளிச்சமும்

முதலில் இரண்டு மூலங்களையும் தனித்தனியே காப்பி எடுக்க வேண்டும். படத்தைச் சுவரிலோ பலகையிலோ தட்டையாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இரண்டு விளக்கு வைத்து, நேர் எதிரே காமிராவை வைத்து எடுப்பார்கள். விளக்கு நேராக இருந்தால் பளபளப்புத் தாளில் வெளிச்சம் அடித்துத் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தாளின் சொரசொரப்பு நிழல் விழுந்து தெரியும்.

ஊதா முத்திரையை எப்படிப் போக்கினார்கள்? பெரும்பகுதி அழிக்கவே வேண்டியதில்லை. நீல வெளிச்சத்தை மட்டும் அதிகமாக உணரும் பிலிமில் எடுத்தால் நீல, ஊதா மை வெளுத்து ஒதுங்கிவிடும். வெளிறி மஞ்சளாகிப்போன முகத்துக்கும் அதே பிலிம்தான் நல்லது. மஞ்சள் அதில் கருமையாக விழும், எனவே மங்கிய உருவம் சற்றே எழுந்து வரும். ஆனால் படத்தின் மேல் மஞ்சள் கறை திட்டாகப் படிந்திருந்தால் இதே முறை கறையைக் கரும்புள்ளியாக்கிவிடும். அப்போது எல்லா நிறத்தையும் உணரும் பிலிமில் மஞ்சள் பில்டர் போட்டு எடுக்க வேண்டும். எதை எதற்கு என்று தெரியாதவர் கையில் கொடுத்த தாத்தா படம் கன்னத்தில் கரும்படையோடு திரும்பி வந்ததுண்டு.

அடுத்தது அளவு. கணவருடைய தலை, உச்சியிலிருந்து முகவாய் வரை, மூலத்தில் 16 மில்லிமீட்டர். மனைவியுடையது 8 மில்லிமீட்டர். ஒட்டுவதற்கான பிரிண்டில் தலை 48 மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அவரை மூன்று மடங்கும் இவரை ஆறு மடங்கும் பெரிதாக்க வேண்டும். இந்த 'மூன்றும் ஆறும்' என்பதில்தான் படத்தின் பாதித் தலையெழுத்து இருக்கிறது. ஆறு மடங்கில் முகம் மட்டுமா பெரிதாகும்? பிலிமின் மணிகள், பழைய தாளின் நார், லென்ஸின் மங்கல் எல்லாமே ஆறு மடங்கு ஆகும். அதனால் அவர் முகத்தில் இமை மயிர் தெரிகிறது. இவர் முகத்தில் கண் என்பது இரண்டு நிழல் திட்டுகள். எந்த ஜோடிப் படத்திலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு முகம் கூர்மையாகவும் மற்றது பஞ்சு போலவும் இருந்தால் அவை இரண்டு இடத்திலிருந்து வந்தவை.

இன்னொரு வேற்றுமை உண்டு, அதை எந்த டச்சிங்காலும் தீர்க்க முடியாது. அடையாள அட்டைப் படம் ஐந்தாறு அடி தூரத்தில் எடுப்பது. குரூப் போட்டோவுக்குக் காமிராவைப் பல மடங்கு பின்னால் கொண்டுபோக வேண்டும். கிட்டத்தில் எடுத்த முகத்தில் மூக்கு முன்னால் வரும், காது பின்வாங்கும். தூரத்தில் எடுத்த முகம் சப்பையாக, அகன்று தெரியும். ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டு முகங்களும் வேறு வேறு தூரத்தில் இருப்பதாக நம் கண் சொல்லிக்கொண்டே இருக்கும். "என்னவோ சரியில்லை, என்னன்னு தெரியலை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பிறகு வெளிச்சத்தின் திசை. கணவர் படத்தில் விளக்கு பார்ப்பவரின் இடது பக்கம். மூக்கின் நிழல் வலது கன்னப்பக்கம் சாய்கிறது. குரூப் போட்டோவில் சூரியன் பார்ப்பவரின் வலது பக்கம். இப்படியே சேர்த்தால் ஒரே அறையில் இரண்டு சூரியன். ஸ்டூடியோக்காரருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒருவருடைய நெகட்டிவை என்லார்ஜரில் குப்புறப் போட்டு, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி அச்சிடுவது.

யாரைத் திருப்புவது? ஆணைத் திருப்பினால் சட்டைப் பை வலது மார்புக்குப் போகும், கோட்டுப் பித்தான் பெண்கள் உடைபோல எதிர்ப்பக்கம் மூடும், தலை வகிடு மாறும். பெண்ணைத் திருப்பினால் முந்தானை தோள் மாறும், மூக்குத்தி மாறும். நம் படத்தில் பெண்ணுக்கு மூக்குத்தியும் இல்லை. முந்தானை எப்படியும் வரையப்பட வேண்டியது. ஆகவே அவரைத் திருப்பினார்கள். சரியான முடிவுதான். ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை, கவனிக்க வழியும் இல்லை: இடது கன்னத்தில் இருந்த மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. முதல் நாளே மகள் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இது ஊர் ஸ்டூடியோவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆப்ரகாம் லிங்கன் கம்பீரமாக நிற்கிற ஒரு பிரபலமான அச்சுப்படம் அமெரிக்காவில் நெடுங்காலம் புழங்கியது. உடல் தென் மாநிலத் தலைவர் ஜான் கால்ஹூனுடையது, 1852-ல் வெளிவந்த செதுக்குப் படத்திலிருந்து எடுத்தது. தலை மட்டும் பிரேடி ஸ்டூடியோ எடுத்த போட்டோவிலிருந்து. லிங்கனின் மச்சம் தப்பான கன்னத்தில் இருப்பதை ஸ்டீஃபன் லோரன்ட் என்ற பத்திரிகையாளர் கவனித்த பிறகுதான் குட்டு உடைந்தது. திருப்பிப் போட்ட முகத்தை மச்சமும் வகிடும்தான் முதலில் காட்டிக்கொடுக்கின்றன.

இரண்டாம் வேலை: கத்தி

இப்போது இரண்டு பிரிண்ட்கள். இரண்டும் ஒரே பெட்டித் தாளில், ஒரே டெவலப்பரில், ஒரே நேரம் ஊறியவையாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்று பழுப்புக் கறுப்பு, மற்றது நீலக் கறுப்பு என்று நிறமே தனித்து நிற்கும். மங்கிய முகத்துக்கு 'ஹார்டு' தாள், அழுத்தமான முகத்துக்கு 'சாஃப்ட்' தாள் என்று தாளின் தரத்தை மாற்றி இரண்டின் கருமையையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்களில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' தாள் நிறையப் புழங்கியது. 1960-ல் தொடங்கிய அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

வெட்டுவதற்கு மெல்லிய தாள்தான் ஏற்றது. புது பிளேடைச் செங்குத்தாகப் பிடிக்காமல், விளிம்பு அடிப்பக்கம் உள்வாங்கும்படி சாய்த்துப் பிடித்து வெட்டுவார்கள். பிறகு படத்தைக் குப்புறக் கவிழ்த்து, விளிம்பு நெடுகிலும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, வெங்காயச் சருகு அளவுக்கு மெலிதாக்குவார்கள். தாளின் கனம் இருந்தால் திரும்பப் படம் எடுக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் அந்த விளிம்பு ஒரு நிழலைத் தரும். அல்லது வெட்டிய தாளின் வெள்ளைச் சதை மயிரிழை போல முகத்தைச் சுற்றி ஒளிரும். தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடோ கருங்கோடோ தெரிகிற படங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது இந்த உப்புத்தாள் வேலையைச் சோம்பல்பட்டு விட்டதன் அடையாளம். நல்ல ஆள் வெட்டிய விளிம்பைப் பென்சிலால் சாம்பல் நிறமாக்கிவிட்டுத்தான் ஒட்டுவார்.

தோளை வெட்டுவது சுலபம். தலைமயிரை வெட்ட முடியாது. காதோரம் பறக்கிற இழைகளை எந்தக் கத்தியாலும் பின்புலத்திலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே மயிரைச் சற்று உள்ளே தள்ளி வெட்டி, வெளி இழைகளைப் பிறகு தூரிகையால் எழுதிச் சேர்ப்பார்கள். ஜோடிப் படங்களில் பாட்டிமார் எல்லாரும் படிய வாரி, மொழுமொழுவென்று வார்னிஷ் அடித்த மாதிரித் தலையோடு இருப்பதன் காரணம் தேங்காய் எண்ணெய் மட்டும் அல்ல.

ஒட்டும் வரிசையும் முக்கியம். பின்னால் நிற்பவர் முதலில், முன் தோள்காரர் பிறகு. நம் படத்தில் கணவர் முதலில் ஒட்டப்பட்டார். மனைவியின் தோள் அவர் கோட்டின் மேல் ஏறி நிற்கிறது. அந்தத் தோள் அவருடையது அல்ல. வேறொரு படத்திலிருந்து வந்த உடல். ஸ்டூடியோக்காரர்கள் இப்படிக் கழுத்துக்குக் கீழ்ப்பட்ட உடல்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். தலையும் உடலும் சேரும் இடத்தில், கழுத்தின் நடுவே, வெட்டு வரக்கூடாது. ரவிக்கை விளிம்பிலோ சங்கிலியின் கீழோ வந்தால் மறைந்துவிடும். இங்கே சங்கிலி வரையப்பட்டிருக்கிறது, சரியாக வெட்டின் மேலேயே.

எல்லாம் ஒட்டி முடிந்ததும் பின்புலத்தை ஒரே சாம்பல் வண்ணத்தால் மூடுவார்கள். காற்றழுத்தத் தூரிகை இருந்தால் அதனால். இல்லாவிட்டால் பஞ்சில் தொட்ட பென்சில் தூளால். இரண்டு பேர் தலைக்குப் பின்னாலும் மேகம் போல ஒளி மங்கி மறைகிற அந்தப் பின்புலம் அழகுக்காக வந்ததல்ல. இரண்டு வெவ்வேறு சுவர்களை மறைக்க வந்தது.

கத்தியே படாமலும் செய்யலாம். ஒரே தாளில் முதல் நெகட்டிவை அச்சிடும்போது மறுபாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, பிறகு அட்டையை மாற்றி இரண்டாவதை அச்சிடுவது. மறைக்கிற அட்டையைத் தாளிலிருந்து சற்று உயரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் விளிம்பு நிழலாகக் கரையும். ஐரோப்பாவில் 1857-ல் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களிலிருந்து ஒரே படம் செய்ததும், மறு ஆண்டு ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து மரணப் படுக்கைக் காட்சி ஒன்றைச் செய்ததும் இந்த வழியில்தான். ஆனால் தோள் மேல் தோள் ஏறி நிற்க வேண்டும் என்றால் இது கைகொடுக்காது. இருவருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். சேர்ந்து நிற்பதுதான் நம்மவர்கள் கேட்டது. ஆகவே கத்திதான்.

மூன்றாம் வேலை: திரும்ப எடுப்பதும் தொட்டு எழுதுவதும்

ஒட்டிய அட்டை அசிங்கமாகத்தான் இருக்கும். அதைக் காமிராவில் மறுபடி எடுக்கும்போதுதான் தாள்களின் மேடு பள்ளம் மறைந்து ஒரே படமாகிறது. இதற்குச் சிறிய பிலிம் உதவாது. கால் பிளேட், அரை பிளேட் அளவுள்ள பெரிய நெகட்டிவ் வேண்டும், ஏனென்றால் அதன் மேல் பென்சில் வைக்க வேண்டும்.

திரும்ப எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. மூலப் படம் ஒரு தலைமுறை, பெரிதாக்கிய பிரிண்ட் இரண்டாம் தலைமுறை, கடைசிப் படம் மூன்றாம் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் வெள்ளை இன்னும் வெளுக்கும், கருமை இன்னும் அடையும். வேட்டி, வெள்ளைப் புடவை மடிப்புகள் காணாமல் போகும். கறுப்புக் கோட்டு ஒரே மைக்கறையாகும். இடையில் இருக்கிற சாம்பல் நிறங்கள்தான் முகத்தின் சதைப்பிடிப்பு. அவை முதலில் போகும்.

போனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் டச்சிங். நெகட்டிவின் மேல் பிசின் கலந்த வார்னிஷைத் துளி தடவிக் காயவிட்டால் பென்சில் பிடிக்கும். நெகட்டிவில் சுருக்கம் என்பது வெளிறிய கோடு. அதைக் கூர்மையான பென்சிலால் சின்னச் சின்ன இழைகளாக நிரப்பினால் படத்தில் சுருக்கம் மறையும். எதிர்மாறாக, கத்தி முனையால் நெகட்டிவை லேசாகச் சுரண்டினால் படத்தில் அந்த இடம் கறுக்கும். புருவம், மீசை, கண் விளிம்பு எல்லாம் இப்படிக் கூர்மை பெறும். கடைசியாகப் பிரிண்டின் மேல் தூரிகையால் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. நம் படத்தில் நாலு கண்களிலும் அந்தப் புள்ளி ஒரே இடத்தில், ஒரே அளவில், ஊசி குத்தினாற் போல இருக்கிறது. இயற்கையில் அப்படி விழாது. உங்கள் வீட்டுப் படத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பொட்டும் சுருக்கமும்

இனிதான் சிக்கல். பிள்ளைகள் ஸ்டூடியோவில் சொன்னது: "அம்மாவுக்குப் பொட்டு வச்சிடுங்க. அப்பா பக்கத்திலே நிக்கறப்போ பொட்டு இல்லாம எப்படி?" வைத்தார். கச்சிதமான வட்டம், நெற்றிக்கு நட்ட நடுவே. அம்மாவின் தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. பொட்டு அந்தச் சாய்வைப் பின்பற்றாமல் படச் சட்டத்தின் நேர்க்கோட்டில் நிற்கிறது. கழுத்தில் சங்கிலி. தலையில் பூ.

மகள் சொன்னது: "இது எங்கம்மா இல்லே. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா எங்கம்மா பொட்டு வச்சுப் பாத்ததே இல்லே. நான் பாத்த அம்மாவை அழிச்சிட்டாங்க." படம் மூத்த மகன் வீட்டில் திருச்சியில் தொங்குகிறது. குரூப் போட்டோ மகளிடம் தில்லியில் இருக்கிறது. முப்பது வருஷமாக இந்த வழக்கு தீரவில்லை.

மத்தியப் பிரதேசத்து நாக்டா என்ற ஆலை நகரத்தின் ஸ்டூடியோக்களை ஆராய்ந்து கிறிஸ்டோபர் பின்னி எழுதிய 'கேமரா இண்டிகா' 1997-ல் வெளிவந்தது. நான் புரிந்துகொண்ட வரை அவருடைய வாதத்தின் சாரம் இது: நம் ஊர் மக்களுக்குப் போட்டோ என்பது நடந்து முடிந்த ஒரு கணத்தின் சாட்சி அல்ல, விரும்பிய உருவத்தைச் செய்துகொள்கிற ஒரு பரப்பு. ஆகவே ஒரு படத்தில் ஒட்டும் வண்ணமும் இருப்பது அவர்களை உறுத்துவதில்லை. பிள்ளைகள் பக்கத்து நியாயத்தை இது நன்றாக விளக்கும். இருவரும் ஒரு வீட்டின் மூத்தவர்கள், தம்பதிகள் என்பதுதான் படம் சொல்வது; அதற்குப் பொட்டு வேண்டும். ஆனால் மகளுடைய கோபத்தை இது விளக்கவில்லை. அவருக்குப் படம் சாட்சிதான். அம்மா முப்பத்து மூன்று வருஷம் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு நெற்றியின் வெறுமை ஒரு சாட்சி. ஒரே வீட்டில், ஒரே படத்துக்கு முன்னால், இந்த இரண்டு பார்வையும் நிற்கின்றன. எனவே 'நம் மக்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க என்னால் முடியவில்லை.

என் தீர்ப்பு வேறு. பொட்டு வைத்தது படத்தின் குற்றம் அல்ல. அது ஒரு அடையாளம். வரைந்தது என்று யாருக்கும் தெரிகிறது. மகளுக்கும் தெரிந்தது, அதனால்தான் மறுக்க முடிந்தது. குற்றம் வாயைச் சுற்றி இருக்கிறது. முப்பத்தி நாலு வயதுக் கணவர் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய மனைவி நின்றால் தாயும் மகனும் போலத் தோன்றுமே என்று டச்சிங்காரர் பயந்திருக்கிறார். மூக்கிலிருந்து உதட்டோரம் இறங்குகிற இரண்டு மடிப்புகளையும் பென்சிலால் நிரப்பிவிட்டார். கண்ணுக்குக் கீழிருந்த தொய்வையும் நிரப்பினார். இளமை வந்ததா என்றால் வரவில்லை. முகவாய்த் தசையும் கழுத்து நரம்பும் அப்படியே இருக்கின்றன. நடுமுகம் மட்டும் மைதா மாவு பூசினாற் போல. குரூப் போட்டோவின் எட்டு மில்லிமீட்டர் முகத்தில்கூட அந்த அம்மாள் உதட்டை இறுக்கி, எதையோ பொறுத்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஆறு மடங்கு பெரிதான படத்தில் அது இல்லை. மகள் 'எங்கம்மா இல்லே' என்றபோது பொட்டைத்தான் காட்டினார். நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவர் தேடியது அந்த உதட்டோரத்தை என்று எனக்குப் பட்டது.

ஜோடிப் படங்களை மதிப்பிட இதையே அளவுகோலாகச் சொல்வேன். புடவை, கோட்டு, தோள், பின்புலம், பூ, சங்கிலி எல்லாம் எவ்வளவு பொய்யாக இருந்தாலும் பாதகமில்லை. அவை வாங்கிப் போட்டுக்கொண்ட உடை மாதிரி. முகத்தில் பென்சில் எத்தனை இடத்தில் நின்றது, எத்தனை இடத்தில் ஓடியது என்பதுதான் கேள்வி. கை தேர்ந்தவர்கள் பெரியம்மைத் தழும்பைக்கூட முழுக்க மூட மாட்டார்கள், பாதி மூடுவார்கள். கண்ணுக்குக் கீழ் நிழலைப் போக்க மாட்டார்கள், குறைப்பார்கள். கணவருடைய பாதியில் நம் ஸ்டூடியோக்காரர் அதைத்தான் செய்திருக்கிறார், அருமையாக. முத்திரையின் மிச்சம் கோட்டு மடிப்பில் கரைந்துவிட்டது. முகத்தில் பென்சில் வாடையே இல்லை. அவருக்குக் கை இருந்தது. மனைவியின் பாதியில் அவருக்கு ஆறு மடங்கு மங்கலும், ஒரு வயதுக் கணக்கும், பிள்ளைகளின் உத்தரவும் சேர்ந்து பாரமாகிவிட்டன.

வீட்டில் செய்ய வேண்டியது

இப்போது பலர் இந்தப் படங்களைச் செல்போனில் எடுத்து, உறவினர் குழுவுக்கு அனுப்பிவிட்டு, பூஞ்சை பிடித்த சட்டத்தை எறிந்துவிடுகிறார்கள். எறிவதற்கு முன் பின்பக்க ஆணியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, நெகட்டிவ் எண் அட்டையில் இருக்கலாம். சில வீடுகளில் பழைய மூலப் படத்தையே படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். மேல் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு படம் எடுங்கள்.

மூலங்களைத் தேடுங்கள். பழைய ரயில்வே பாஸ், பென்ஷன் புத்தகம், மற்ற கிளைக் குடும்பங்களில் இருக்கிற கல்யாண குரூப் போட்டோ. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்துச் சேர்த்திருக்கிறது. ஆனால் எந்தத் தோள் யாருடையது, எந்த மச்சம் எந்தக் கன்னத்தில் இருந்தது என்பதை எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. அது தெரிந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். படத்தின் பின்னால், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: 'அப்பா, அடையாள அட்டையிலிருந்து. அம்மா, 1974 கல்யாண குரூப்பிலிருந்து, திருப்பி அச்சிட்டது. பொட்டும் சங்கிலியும் 1991-ல் வரைந்தது. மச்சம் இடது கன்னத்தில்.'